மாஸ்டர் மேல தப்பில்ல, ஷீட் மேலதான் தப்பு: ஒரு ரெஸ்டாரன்ட் பிளானுக்கு நாலு நம்பர் போதும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சுல வந்த திரும்பத் திரும்பச் சொல்லல்களை மட்டும் எடிட் பண்ணியிருக்கோம்.)

போன எபிசோட்ல கடை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எழுத வேண்டிய பிளான் பத்திப் பேசினோம். அதுக்கு வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "பிளான் எழுதிட்டோம், ஃபோர்காஸ்ட் போட்டாச்சு. இனிமே எந்த நம்பரைப் பார்க்கணும்?" இன்னைக்கு அதை மட்டும் பேசலாம். ஒரே ஒரு கடையை வெச்சுப் பேசலாம்.

கடை என் காலேஜ் நண்பனோடது. சரவணம்பட்டி பக்கம், 40 சீட், சைவ டிபன் கடை. காலையில டிபன், மதியம் சாப்பாடு, சாயங்காலம் மறுபடி டிபன். பேரு வேண்டாம்னு சொல்லிட்டான், அதனால நண்பன்னே சொல்றேன். நம்பர்களையும் அவன் அனுமதியோட கொஞ்சம் ரவுண்ட் பண்ணித்தான் சொல்றேன்.

கடை திறந்து ரெண்டாவது மாசம் முடிஞ்ச அன்னைக்கு ராத்திரி கால் பண்ணினான். "டேய், மாஸ்டரை மாத்தப் போறேன்டா. மளிகை எங்கியோ போகுது" அப்படின்னான். ஏன்னு கேட்டா, ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். டேஷ்போர்டு. அதுல 23 இண்டிகேட்டர். கூகுள் ரேட்டிங், இன்ஸ்டா ஃபாலோயர், ஒரு சதுர அடிக்கு விற்பனை, கரன்ட் யூனிட், எல்லாம் இருக்கு. நடுவுல ஒண்ணு மட்டும் சிவப்பு. "ஃபுட் காஸ்ட் 40%. பிளான் 34%."

ஆறு சதவீதம். மாசத்துக்கு அம்பதாயிரம் ரூபா கிட்ட. பொள்ளாச்சியில இருந்து குடும்பத்தோட வந்து இங்க வாடகைக்கு இருக்கற மனுஷன் அந்த மாஸ்டர். ஒரு சிவப்பு கட்டத்தால அவர் வேலை போகப் போகுது. நான் சொன்னேன், "ரெண்டு நாள் பொறு. ஷீட்டை அனுப்பு."

12 லட்சம் எங்கிருந்து வந்துச்சு?

முதல்ல அவனோட பழைய பிளானைப் பார்த்தேன், அதாவது கடை திறக்கறதுக்கு முன்னாடி போட்டது. முதல் மாச விற்பனை 12 லட்சம், அதுக்கப்புறம் மாசா மாசம் 5% வளர்ச்சி. எக்ஸெல்ல இழுத்து விட்டா பன்னிரண்டாவது மாசம் 20 லட்சத்தைத் தாண்டிடுது. "இந்த 12 எப்படிடா வந்துச்சு?"ன்னு கேட்டேன். "ஒரு நாளைக்கு 40,000 வந்தா நல்லா இருக்கும்ல?"ன்னான்.

இதுதான் முதல் சிக்கல். இப்படிப்பட்ட ஃபோர்காஸ்ட்டுக்கு எந்த கேபிஐயும் ஒட்டாது. 12 லட்சம் வரலைன்னா எது குறைஞ்சுதுன்னு அந்த ஷீட் சொல்லாது. ஆள் குறைஞ்சாங்களா? வந்தவங்க கம்மியா சாப்பிட்டாங்களா? மதியமா, ராத்திரியா? அந்த ஒரு செல்லுக்குள்ள எல்லாமே ஒளிஞ்சிருக்கு.

நல்லவேளை, திறக்கறதுக்கு முன்னாடியே அதை ஒரு தடவை உடைச்சு எழுத வெச்சேன். வேளை வாரியா எத்தனை பேர், ஒருத்தருக்கு சராசரி எவ்வளவு பில். இதுக்காக அவன் ரெண்டு வாரம் பக்கத்துக் கடைகளுக்கு எதிர்ல உட்கார்ந்து தலை எண்ணினான். அதுல வந்தது இது:

வார நாள்:
- காலை 70 பேர், ஒருத்தருக்கு 90 ரூபா
- மதியம் 80 பேர், 130 ரூபா
- சாயங்காலம், ராத்திரி சேர்த்து 110 பேர், 110 ரூபா

சனி, ஞாயிறு:
- காலை 100 பேர், 110 ரூபா
- மதியம் 40 பேர், 140 ரூபா
- சாயங்காலம், ராத்திரி 140 பேர், 130 ரூபா

மதியம் ஏன் சனி ஞாயிறுல பாதியாகுதுன்னு கேட்பீங்க. அந்த ஏரியாவுல மதியம் வர்றது ஆபீஸ் கூட்டம். லீவு நாள்ல அவங்க வர மாட்டாங்க, குடும்பம் காலையிலயும் ராத்திரியும்தான் வரும். உங்க கடை ஆர்.எஸ்.புரத்துல இருந்தா இந்த வடிவமே வேற.

22 வார நாள், 8 லீவு நாள்னு பெருக்கினா மாசத்துக்கு 7,960 பேர். விற்பனை 9 லட்சத்து 12 ஆயிரம். ஒருத்தருக்கு சராசரி 114 ரூபா 57 காசு. 12 லட்சம் 9.12 ஆயிடுச்சு. ஆனா இப்போ அந்த 9.12-க்குள்ள என்ன இருக்குன்னு தெரியும்.

ஒரு சின்ன சோதனையும் பண்ணினோம். 40 சீட் இருந்தாலும் 40-ம் நிறையாது. நாலு பேர் டேபிள்ல ரெண்டு பேர் உட்கார்ந்திருப்பாங்க. நிஜத்துல 26 சீட்தான் ஓடும்னு வெச்சுக்கங்க. ஒருத்தர் 35 நிமிஷம் உட்கார்ந்தா, ஞாயித்துக்கிழமை ஏழரைல இருந்து ஒன்பதரை வரைக்கும் 90 பேர் கிட்டதான் சாப்பிட முடியும். அதுக்கு மேல வர்றவங்க வாசல்ல நின்னுட்டு வேற கடைக்குப் போயிடுவாங்க. அதனால "மாசம் 5% வளர்ச்சி"ங்கறது ஞாயிறு ராத்திரிக்குப் பொருந்தாது. வளர இடம் இருக்கறது காலி நேரத்துலதான்.

இதுல வரி சேர்க்கலைங்கறதை கவனிங்க. தனி ரெஸ்டாரன்ட்டுக்கு ஜிஎஸ்டி 5%. கஸ்டமர் 105 ரூபா குடுத்தா உங்க விற்பனை 100 ரூபாதான். யுபிஐல வந்த மொத்தத்தை விற்பனைன்னு எழுதினா சராசரி பில் பொய்யா பெருசா தெரியும். கோயமுத்தூர்க்காரங்களுக்கு ஜிஎஸ்டின்னாலே 2024 செப்டம்பர் ஞாபகம் வரும். கொடிசியா கூட்டத்துல நிதியமைச்சர் முன்னாடி அன்னபூர்ணா சீனிவாசன், பன்னுக்கு வரி இல்ல, உள்ள கிரீம் வெச்சா 18%, கஸ்டமர் ரெண்டையும் தனித்தனியா குடுங்க நாங்களே வெச்சுக்கறோம்னு கேட்கறாங்கன்னு சொன்னாரே, அதேதான். சிரிப்பா இருந்தாலும் அவர் சொன்னது பில்லிங் பிரச்சினை. ஒரே கவுன்டர்ல பேக்கரி அயிட்டமும் டிபனும் விற்கிற கடையில, வரி போக விற்பனை எவ்வளவுன்னு சுத்தமா பிரிச்சு எடுக்கறது லேசான வேலை இல்ல.

இன்னொண்ணு. அந்த 5% முறையில, நீங்க கட்டற வரியைத் திரும்பக் கழிச்சுக்க முடியாது. வாடகை ஒரு லட்சம்னா 18% வரியோட உங்களுக்கு 1,18,000 ரூபா செலவு. நிறைய பேர் பிளான்ல ஒரு லட்சம்னுதான் எழுதறாங்க.

33 பேர்

இப்போ செலவு. ஒவ்வொரு 100 ரூபா விற்பனைக்கும் சரக்கு, அதாவது அரிசி, பருப்பு, காய், எண்ணெய், பால் எல்லாம் சேர்த்து 34 ரூபா. கேஸ், பார்சல் கவர் மாதிரி விற்பனையோட ஏறி இறங்கறது 6 ரூபா. மிச்சம் 60.

விற்பனை இருந்தாலும் இல்லைன்னாலும் போற செலவு: சம்பளம் 2,40,000 (11 பேர்), வாடகை 1,18,000, கரன்ட் 40,000, லோன் தவணை 45,000, இதர செலவு 35,000. மொத்தம் 4,78,000.

அந்த 60 ரூபாய்கள் சேர்ந்து 4,78,000 ஆகணும். அதுக்கு மாசம் கிட்டத்தட்ட 7,97,000 விற்கணும். முப்பது நாளால வகுத்து, சராசரி பில்லால வகுத்தா, ஒரு நாளைக்கு 232 பேர். பிளான்ல இருக்கறது 265 பேர். பிளான்படி மாசக் கடைசியில கையில நிக்கறது 69,200 ரூபா.

இதை இப்படிப் பாருங்க. அவன் கடைக்கும் நஷ்டத்துக்கும் நடுவுல ஒரு நாளைக்கு 33 பேர் நிக்கறாங்க. மழை பெய்ஞ்சா, எதிர்ல புதுக்கடை வந்தா, ரோட்டைத் தோண்டிப் போட்டா, அந்த 33 பேர்ல இருந்துதான் முதல்ல போவாங்க.

எதை கேபிஐயா வெக்கறது?

23-ல இருந்து எப்படி நாலுக்கு வந்தோம்னு சொல்றேன். வழி ரொம்ப எளிது. ஃபோர்காஸ்ட்ல இருக்கற ஒவ்வொரு நம்பரையும், நிஜத்துல எவ்வளவு தவறுமோ அவ்வளவு அசைச்சுப் பாருங்க. அந்த 69,200 எவ்வளவு ஆடுதுன்னு எழுதுங்க.

ஒரு நாளைக்கு 20 பேர் குறைஞ்சா மாசம் சுமார் 41,000 போகும். சரக்குச் செலவு 34-ல இருந்து 38 ஆனா 36,500 போகும். சராசரி பில் 5 ரூபா குறைஞ்சா 24,000. ஒரு ஆள் கூடுதலா எடுத்தா 18,000. கரன்ட் பில் 10% ஏறினா 4,000.

கூகுள் ரேட்டிங் 4.3-ல இருந்து 4.1 ஆனா? ஃபோர்காஸ்ட்ல அதுக்கு வரியே இல்ல. ரேட்டிங் முக்கியமில்லைன்னு சொல்ல வரலை. அது உண்மையிலேயே பாதிச்சா, வர்ற ஆள் எண்ணிக்கையில தெரியும். அப்போ போய் ரேட்டிங்கைப் படிங்க. தினமும் முதல் பக்கத்துல வெச்சுப் பார்க்கற நம்பர் அது இல்ல. என் வேலையில இருந்து சொல்றதுன்னா, எல்லாத்தையும் லாக் பண்ணுங்க, ஆனா அலர்ட் நாலு மேலதான். 23 அலர்ட் வெச்சா ரெண்டே வாரத்துல எதையும் பார்க்க மாட்டீங்க. இல்லைன்னா அவன் மாதிரி எது சிவப்பா இருக்கோ அதைப் பார்த்து பயப்படுவீங்க.

மொத்த விற்பனையை ஏன் கேபிஐயா வெக்கலைன்னு கேட்கலாம். பெரிய கம்பெனிகளே அதை மட்டும் பார்க்கறதில்ல. இந்தியாவுல கேஎஃப்சி கடைகள் நடத்துற தேவயானி இன்டர்நேஷனல் ஷேர் மார்க்கெட்ல இருக்கற கம்பெனி, மூணு மாசத்துக்கு ஒரு தடவை கணக்கு வெளியிடுது. அதுல ரெண்டு நம்பர் தவறாம இருக்கும். ஒண்ணு, ஒரு கடைக்கு ஒரு நாள் சராசரி விற்பனை. இன்னொண்ணு, ஏற்கெனவே இருக்கற பழைய கடைகளோட விற்பனை வளர்ச்சி. 2022-23-ல அவங்க கேஎஃப்சி கடையோட ஒரு நாள் சராசரி ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல இருந்துச்சு, 2024-25-ல லட்சத்துக்குக் கீழ வந்துச்சு. அதே காலத்துல புதுக்கடைகள் திறந்துக்கிட்டே இருந்ததால மொத்த விற்பனை ஏறிக்கிட்டுதான் இருந்துச்சு. மொத்தத்தை மட்டும் பார்த்தவங்களுக்கு அந்த இறக்கம் தெரிஞ்சிருக்காது. நம்ம ஒத்தைக் கடைக்கும் இதே பாடம்தான். மொத்தத்தை உடைச்ச துண்டுலதான் செய்தி இருக்கு.

40, 37, 34

இப்போ அந்த சிவப்பு கட்டத்துக்கு வருவோம். ரெண்டாவது மாச நிஜக் கணக்கு: 7,700 பேர், சராசரி 112 ரூபா, விற்பனை 8,62,400.

40% எப்படி வந்துச்சுன்னு பார்த்தா, அந்த மாசம் வாங்கின சரக்கு பில் எல்லாம் கூட்டி 3,47,000, அதை விற்பனையால வகுத்திருக்கான். ஆனா மாசக் கடைசியில அரிசி மூட்டையும் நெய் டின்னும் மொத்தமா வாங்கிப் போட்டிருக்காங்க. அது இன்னும் ஸ்டோர்லதான் இருக்கு. வாங்கினது வேற, செலவானது வேற. மாசத் தொடக்கத்துல இருந்த சரக்கு 60,000, அதோட வாங்கின 3,47,000, அதுல கடைசியில மிஞ்சின 85,000-ஐ கழிச்சா, செலவானது 3,22,000. அதாவது 37.3%.

சரி, 40 இல்ல 37. ஆனாலும் பிளானை விட மூணு சதவீதம் அதிகம். "பார்த்தியா, அப்பவும் ஒதைக்குதுல்ல?"ன்னான் நண்பன். நான் அளவுத் திட்டத்தை, அதாவது ஒரு தோசைக்கு எவ்வளவு மாவு, ஒரு தட்டுக்கு எவ்வளவு சாம்பார்னு இருக்கற சீட்டை, எடுத்து வெச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். ஒண்ணும் புடிபடலை.

ஈரோட்டுல 30 வருஷமா மெஸ் நடத்துற எங்க பெரியப்பாவுக்கு போன் போட்டேன். அவருக்கு எக்ஸெல் தெரியாது. நான் எல்லாத்தையும் படிச்சுக் காட்டினேன். கேட்டுட்டு ஒரே கேள்விதான் கேட்டாரு. "ஏன் கண்ணு, வேலை செய்யற பசங்க எங்க சாப்புடறாங்க?"

கடையிலதான். மூணு வேளையும். 11 பேர், மூணு வேளை, 30 நாள், 990 சாப்பாடு. ஒரு வேளைக்கு சரக்கு மட்டும் 30 ரூபான்னு போட்டாலும் 29,700 ரூபா. அது ஸ்டோர்ல இருந்துதான் போகுது, ஆனா எந்த பில்லும் விழாது. 3,22,000-ல அதைக் கழிச்சா 2,92,300. விற்பனையில 33.9%.

பிளான் 34. மாஸ்டர் 33.9-ல அடுப்பை ஓட்டிக்கிட்டு இருந்திருக்காரு. கணக்குப்படி பார்த்தா அந்த சமையலறை பிளானை விட நல்லா ஓடுது.

நான் இதை அவன்கிட்ட சொன்னப்போ கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம், "நல்லவேளை, அவர்கிட்ட எதுவும் கேட்கலைடா"ன்னான்.

இங்க நடந்தது என்னன்னா, பிளான்ல 34%-ன்னு எழுதறப்போ கஸ்டமர் தட்டுக்குப் போற சரக்கை மட்டும் கணக்குப் போட்டான். டேஷ்போர்டுல அளந்தது வாங்கின எல்லாத்தையும். பேரு ஒண்ணு, அளந்த பொருள் வேற. கேபிஐ ஃபோர்காஸ்ட்டோட ஒட்டணும்னா, எந்த வழியில பிளான் போட்டீங்களோ அதே வழியில அளக்கணும். எதைச் சேர்க்கறோம், எதைக் கழிக்கறோம்னு ஷீட்லயே பக்கத்துல ஒரு வாக்கியம் எழுதி வெச்சுருங்க. அந்த ஒரு வாக்கியம் இல்லாததாலதான் ஒருத்தர் வேலை ஊசலாடுச்சு.

ஆனா பணம் போனது நிஜம். பசங்க சாப்பாட்டுச் செலவு 29,700-க்கு பிளான்ல இடமே இல்ல. அதைச் சேர்த்தா நஷ்டமில்லாம ஓட ஒரு நாளைக்கு 232 பேர் பத்தாது, 246 பேர் வேணும். பிளான்ல இருந்த 33 பேர் மெத்தை, முதல் நாள்ல இருந்தே 19 பேர்தான்.

69,200 எங்க போச்சு?

அந்த மாசம் கையில நின்னது 10,656 ரூபா. பிளான் 69,200. நடுவுல காணாமப் போன 58,500-ஐ தேடினோம். ஃபோர்காஸ்ட்டை உடைச்சு எழுதி வெச்சதோட பலன் இங்கதான் தெரிஞ்சுது.

பாதி, 29,700, பசங்க சாப்பாடு. அது பிளான் போட்டதுல இருந்த ஓட்டை.

இன்னொரு பாதி விற்பனையில. பிளானை விட 49,600 ரூபா விற்பனை குறைவு, அதுல 60% கணக்கு வெச்சா 29,760 போச்சு. அந்த 49,600-ஐயும் பிரிக்கலாம். 260 பேர் குறைவா வந்ததால சுமார் 30,000. வந்தவங்க ஆளுக்கு ரெண்டரை ரூபா குறைவா செலவு பண்ணதால சுமார் 20,000.

260 பேர் எப்போ வரலை? வேளை வாரியா பார்த்தா காலை சரி, ராத்திரி சரி. குறைஞ்சது மதியம். அதுவும் எல்லா மதியமும் இல்ல, திங்களும் வெள்ளியும். 80 பேர் வருவாங்கன்னு எழுதின இடத்துல 50 பேர். ஐடி ஆபீஸ்ல வாரத்துல மூணு நாள் வந்தா போதும்னு சொன்னா, எல்லாரும் செவ்வாய், புதன், வியாழன்தான் வருவாங்க. நானே அதைத்தான் பண்றேன். அவன் தலை எண்ணின ரெண்டு வாரத்துல பெரும்பாலும் நடு வாரத்துலதான் போய் உட்கார்ந்திருக்கான்.

ரெண்டரை ரூபா? பெரும்பகுதி காபி. சாயங்காலம் வர்ற 10 பேர்ல 5 பேர் 25 ரூபா காபி குடிப்பாங்கன்னு எழுதியிருந்தான். குடிச்சது 3 பேர். மத்தவங்க டிபன் சாப்பிட்டுட்டு ரோட்டைத் தாண்டி பேக்கரியில நின்னு டீ குடிக்கறாங்க. கோயமுத்தூர்ல பேக்கரி டீயோட போட்டி போட முடியுமாங்க?

பாருங்க, மூணு காரணத்துல எதுவுமே மாஸ்டர் இல்ல. 23 இண்டிகேட்டர்ல எதுலயும் இந்த மூணும் தெரியலை.

கடைசியா நின்ன நாலு

முதல் நம்பர், வேளை வாரியா வந்த ஆள் எண்ணிக்கை. இதை தினமும் பார்க்கணும். பில்லிங் மெஷின் பில் எண்ணிக்கையைத்தான் சொல்லும், ஆள் எண்ணிக்கையைச் சொல்லாது. ஒரு பில்லுக்கு நாலு பேர் இருக்கலாம். அதனால ஆர்டர் எடுக்கறப்போ எத்தனை பேர்னு ஒரு கட்டத்தை நிரப்பச் சொல்லணும். முதல் வாரம் பசங்க எல்லாத்துக்கும் 2-ன்னு அடிப்பாங்க. ஒரு வேளை நீங்களே நின்னு எண்ணி ஒப்பிட்டுப் பாருங்க.

ரெண்டாவது, வரி போக ஒருத்தருக்கு சராசரி பில், அதுவும் வேளை வாரியா, வாரத்துக்கு ஒரு தடவை. மொத்த சராசரி மட்டும் பார்த்தா ஏமாத்தும். 130 ரூபா மதிய சாப்பாட்டுக்காரங்க குறைஞ்சாலே, யாரும் கம்மியா சாப்பிடாமலே மொத்த சராசரி இறங்கும்.

மூணாவது, சரக்கும் சம்பளமும் சேர்த்து விற்பனையில எத்தனை சதவீதம். ரெஸ்டாரன்ட் உலகத்துல இதை பிரைம் காஸ்ட்னு சொல்வாங்க. பசங்க சாப்பாட்டை சரக்குல எழுதினாலும் சரி, சம்பளத்துல எழுதினாலும் சரி, இதுக்குள்ள வந்துரும். வெட்டின காய் வாங்கினா சரக்கு ஏறி ஆள் செலவு இறங்கும், அதுவும் இதுக்குள்ளயே சரியாயிடும். நண்பன் கடையில பிளான்ல இது 60% கிட்ட, நிஜத்துல 65%. இதை மாசம் ஒரு தடவை, ஸ்டோர்ல சரக்கை எண்ணிப் பார்த்துட்டுதான் போடணும். எண்ணாம போட்டா மறுபடி அந்த 40% கதைதான். இது ஏறினா மட்டும் சரக்கு, சம்பளம்னு பிரிச்சுத் தேடுங்க.

நாலாவது, மெத்தை. நஷ்டமில்லாம ஓடத் தேவையான ஆளுக்கு மேல ஒரு நாளைக்கு எத்தனை பேர் வர்றாங்க. மத்த மூணும் மாறினா இதுவும் மாறும். புது ஆள் எடுக்கலாமா, இன்னொரு ஃப்ரிட்ஜ் லோன்ல வாங்கலாமா, ரெண்டாவது கடை போடலாமான்னு கேள்வி வந்தா, இந்த நம்பர்தான் பதில் சொல்லும். 18,000 சம்பளத்துல ஒருத்தரை எடுத்தா தினமும் கூடுதலா 9 பேர் வரணும். 19-ல 9 போனா 10.

ஒவ்வொண்ணுக்கும் எப்போ ஃபோர்காஸ்ட்டையே மாத்தணும்னு முன்னாடியே எழுதி வெச்சோம். ஒரு வேளையில ஆள் எண்ணிக்கை தொடர்ந்து மூணு வாரம் பிளானை விட 15% குறைஞ்சா, ஷீட்ல அந்த வரியை மாத்தணும். ஒரு நாள் குறைஞ்சதுக்கெல்லாம் மாத்தக்கூடாது. முதல் மாச நம்பரை வெச்சும் முடிவெடுக்காதீங்க. திறப்பு விழாக் கூட்டம், சொந்தக்காரங்க, ஆஃபர்னு அது எப்பவும் ஊதித்தான் இருக்கும்.

இது பொருந்தாத இடமும் ஒண்ணு இருக்கு. ஸ்விக்கி, ஜொமேட்டோ ஆர்டரை இந்த ஆள் கணக்குல கலக்காதீங்க. ஒரு ஆர்டர் எத்தனை பேருக்குன்னு தெரியாது, கமிஷனும் பார்சல் செலவும் போனா 60 ரூபா மிஞ்சாது. அதுக்கு ஃபோர்காஸ்ட்ல தனி வரி, தனி மிச்சக் கணக்கு வேணும். நண்பன் இன்னும் டெலிவரி ஆரம்பிக்கலை, அதனாலதான் நாலுல முடிஞ்சுது. உங்க விற்பனையில பாதி டெலிவரின்னா, உங்க நாலு வேற நாலா இருக்கும். ஆனா தேர்ந்தெடுக்கற வழி அதேதான். அசைச்சுப் பாருங்க, எது மிச்சத்தை ஆட்டுதோ அதை எடுங்க.

இப்போ ஷீட்ல வார நாள்ங்கறது ரெண்டு வரியா பிரிஞ்சிருக்கு. திங்கள்-வெள்ளி ஒரு வரி, நடு வாரம் ஒரு வரி. திங்களும் வெள்ளியும் மதியத்துக்கு 50 பேருக்குத்தான் உலை வெக்கறாங்க, ரெண்டு பேருக்கு அந்த நாள்கள்ல வார லீவு மாத்தி விட்டாங்க. பசங்க சாப்பாட்டுக்கு தனி வரி வந்துருச்சு, அதைக் குறைக்கறதா பேச்சே இல்ல. காபி விலையை அவன் இன்னும் தொடலை. மாச விற்பனை ஃபோர்காஸ்ட் 9.12-ல இருந்து 8.8 லட்சம் கிட்ட இறங்கிடுச்சு. பார்க்க நல்லா இல்லைன்னு அவனுக்கு வருத்தம்தான்.

போன வாரம் கடைக்குப் போயிருந்தேன். மாஸ்டர் ரவா ரோஸ்ட் போட்டுக் குடுத்தாரு. அவருக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

அடுத்த எபிசோட்ல டெலிவரி கணக்கைத் தனியா எடுத்துப் பேசலாம். உங்க கடை ஷீட்ல எந்த நம்பரை அசைச்சா அதிகமா ஆடுச்சுன்னு எழுதி அனுப்புங்க, ரெண்டு மூணை எடுத்து அங்கயே பிரிச்சுப் பார்க்கலாம். வரட்டுங்களா?